பதினான்கு பிழைகளில் மூன்று

கேள்வி: வணக்கம் மேடம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. ஊர் முக்கூடல் பக்கம். வார்டு போஸ்டிங் முடிந்ததும் வாராவாரம் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடந்ததை நினைத்தால் மனதில் நிறைய ஓடுகிறது. எழுத உட்கார்ந்தால் கிராமர் தப்பாகிவிடுமோ என்று ஐந்து வரியில் முடித்துவிடுகிறேன். எந்தத் தப்பு உண்மையிலேயே தப்பு, எதை விட்டுவிடலாம்? கொடுத்த பக்கம் ஒன்றும், எழுதிவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பக்கம் ஒன்றும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டு பக்கங்களையும் ஒன்றுக்கு இருமுறை படித்தேன். நீங்கள் கொடுத்த பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. 'இன்சுலின் வாஸ் கிவன் டு தி பேஷண்ட். தி பேஷண்ட் டெவலப்டு ஹைப்போகிளைசீமியா. நெசசரி கேர் வாஸ் கிவன். ஐ லேர்ண்ட் மெனி திங்ஸ்.' இலக்கணம் சுத்தம். ஆனால் ஊசியைப் போட்டது யார், சர்க்கரை ஏன் இறங்கியது, நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்று அதில் எதுவுமே இல்லை. கொடுக்காமல் வைத்துக்கொண்ட பக்கத்தில் பதினான்கு பிழைகளை எண்ணினேன். ஆனாலும் என் கையில் மதிப்பெண் இருந்தால் அந்தப் பக்கத்துக்குத்தான் போடுவேன். அந்தப் பதினான்கில் பதினொன்றை அப்படியே விட்டுவிடலாம். மீதி மூன்றை விடவே முடியாது, ஏனென்றால் அந்த மூன்றும் சேர்ந்து நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்லிவிட்டன.

படிக்கும் மற்றவர்களுக்காக அந்தக் காலை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் மருத்துவ வார்டில் 63 வயதுப் பாட்டி ஒருவருக்குக் காலை 7:30 மணிக்கு, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடவேண்டிய இன்சுலினை, சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க, இந்த மாணவி போட்டிருக்கிறார். எட்டு மணிக்கு அந்தப் பக்கமாகப் போனபோது லாக்கரின் மேல் தூக்குவாளி இருந்ததைப் பார்த்துவிட்டு, பாட்டி சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தத் தூக்குவாளியோ முந்தின நாள் இரவில் வந்து காலியானது. மகள் இட்லி வாங்க வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை. 8:20 மணிக்குப் பாட்டி, "ஏளா, கிறக்கமா வருது" என்றிருக்கிறார், உடம்பெல்லாம் வியர்வை. சோதித்தபோது சர்க்கரை 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்ததில் 84 என்று வந்திருக்கிறது. அதற்குள் இட்லியும் வந்துவிட்டது.

இனி முதல் பிழைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியது: 'ஐ சா தி டிஃபன் பாக்ஸ். ஷி ஷுட் ஹேவ் ஈட்டன்.' எழுதும்போது உங்கள் மனதில் ஓடிய தமிழ் எதுவென்று எனக்குத் தெரிகிறது: 'தூக்குவாளியைப் பார்த்தேன், சாப்பிட்டிருக்க வேண்டும்.' நம் மொழியில் 'சாப்பிட்டிருக்க வேண்டும்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. 'அநேகமாகச் சாப்பிட்டிருப்பார்' என்ற ஊகம் ஒன்று. 'சாப்பிடுவது அவர் கடமை, சாப்பிடாமல் போனது தவறு' என்ற குறை இன்னொன்று. எதைச் சொல்கிறோம் என்பதைப் பேச்சில் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது: ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்', குறைக்கு 'ஷுட் ஹேவ்'. நீங்கள் சொல்ல நினைத்தது 'அவர் சாப்பிட்டிருப்பார் என்று நானாக முடிவுகட்டினேன்' என்பது. தாளில் இருப்பதோ 'அந்தப் பாட்டி சாப்பிட்டிருக்க வேண்டியதுதானே' என்று நோயாளியைக் குற்றம் சொல்லும் வாக்கியம். உங்கள் பக்கத்திலேயே நேர்மையான வரி அதுதான். அதைப் பழியாக மாற்றுவதற்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அந்தப் பாட்டியைப் பார்த்திராத ஆசிரியர் இதைப் படித்துவிட்டு, தன் தவற்றை நோயாளியின் தலையில் போடுகிற மாணவி என்று நினைத்தால் அவர்மேல் குறை சொல்ல முடியாது.

இதைத் திருத்த 'மஸ்ட் ஹேவ்' என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஊகம் வரும் இடத்திலெல்லாம் 'ஐ தாட்' என்று தொடங்கிவிடுங்கள்: 'ஐ தாட் ஷி ஹேட் ஈட்டன்.' 'நான் நினைத்தேன்' என்ற பகுதி தனியாக வந்து நின்றுவிட்டால், நடந்தது வேறு, நீங்கள் நினைத்தது வேறு என்பது யாருக்கும் விளங்கும். 'ஷுட் ஹேவ்' தொடருக்கு என் மாணவிகளிடம் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: ஜர்னலில் அந்தத் தொடருக்கு எழுவாயாக 'ஐ' மட்டுமே வரலாம். 'ஐ ஷுட் ஹேவ் ஓப்பண்ட் தி பாக்ஸ்' என்று எழுதலாம். 'ஷி ஷுட் ஹேவ்', 'தே ஷுட் ஹேவ்' என்று பேனா போனால் அங்கேயே நிறுத்தி, இது ஊகமா பழியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இது இலக்கண விதி இல்லை, நானாக வைத்துக்கொண்ட வேலி. மூன்றாம் ஆண்டு மாணவியின் ஜர்னலுக்கு இந்த வேலி போதும்.

இரண்டாவது பிழை 'இல்லை' என்று முடியும் வாக்கியங்களில் இருக்கிறது. 'வென் ஐ வென்ட் அட் எய்ட் ஓ கிளாக், டிட் நாட் ஈட்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'சாப்பிட்டேன்', 'சாப்பிட்டார்' என்று தமிழில் சொன்னால் வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறது, காலமும் இருக்கிறது. ஆனால் 'சாப்பிடவில்லை' என்று சொன்ன உடனே இரண்டும் மறைந்துவிடுகின்றன. நான் சாப்பிடவில்லை, அவர் சாப்பிடவில்லை, அவர்கள் சாப்பிடவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான். அப்போது சாப்பிடவில்லை என்பதற்கும், அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை என்பதற்கும் நாம் பெரும்பாலும் அதையேதான் சொல்கிறோம். அதனால்தான் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் எதிர்மறை வாக்கியங்களில் எழுவாயும் விடுபடும், காலமும் குழம்பும். உங்கள் வாக்கியத்தில் சாப்பிடாதது நீங்களா பாட்டியா என்பது தெரியவில்லை. 'ஷி' என்பதைச் சேர்த்தாலும், 'எட்டு மணிக்கு நான் போனேன், பிறகு அவர் சாப்பிடவில்லை' என்றே ஆங்கிலம் படிக்கிறவர் புரிந்துகொள்வார், நோயாளி சாப்பிட மறுத்தார் என்பதுபோல. உண்மையில் எட்டு மணிவரை அவர் சாப்பிட்டிருக்கவில்லை: 'ஷி ஹேட் நாட் ஈட்டன்.' இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு தாமதமானதா, சாப்பாடு வந்தும் நோயாளி மறுத்தாரா என்பது செவிலியருக்கு இரண்டு வேறு நிலைமைகள், இரண்டு வேறு நடவடிக்கைகள்.

இந்த 'ஹேட்' பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் 'நேற்று டவுனுக்குப் போயிருந்தேன்' என்று சாதாரணமாகச் சொல்லுவோம், அதில் முன்பின் என்ற கணக்கு எதுவும் இருக்காது. அதையே அப்படியே ஆங்கிலமாக்கி, 'ஐ ஹேட் கான் டு வார்டு, ஐ ஹேட் கிவன் இன்சுலின், சிஸ்டர் ஹேட் செக்டு' என்று எல்லாவற்றுக்கும் 'ஹேட்' போட்டுவிடுகிறோம். எல்லாமே முந்தியது என்றாகிவிட்டால் எது முந்தியது என்று சொல்ல இடமில்லாமல் போகும். நடந்ததை நடந்த வரிசையில் சாதாரண இறந்தகாலத்தில் சொல்லிக்கொண்டே போங்கள். வரிசையை மீறிப் பின்னோக்கிப் போகிற ஓர் இடத்தில் மட்டும் 'ஹேட்' போடுங்கள். உங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டுதான்: பாட்டி அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை என்பது ஒன்று, தூக்குவாளி முந்தின இரவே காலியாகியிருந்தது என்பது மற்றொன்று.

மூன்றாவது பிழையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பாட்டியை இரண்டு இடத்தில் 'ஹி' என்று எழுதியிருக்கிறீர்கள். மரியாதைக்குரிய யாரையும் 'அவர்', 'அவங்க' என்று சொல்லிப் பழகிய நமக்கு ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இல்லாததால் இது நடக்கிறது. அன்றைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஆண் என்பதால் உங்கள் பக்கத்தில் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. 'ஹி டோல்ட் கிடினெஸ்' என்பதைப் படித்து டாக்டருக்குத்தான் தலைசுற்றலோ என்று ஒரு நொடி திகைத்தேன். இரண்டு பேருக்கு மேல் வரும் பத்தியில் 'ஹி', 'ஷி' இரண்டையும் விட்டுவிட்டு 'தி பேஷண்ட்', 'தி சிஸ்டர்', 'ஹெர் டாட்டர்' என்று திரும்பத் திரும்ப எழுதுங்கள். ஒரே சொல் மறுபடி மறுபடி வருகிறதே என்று கூச்சப்பட வேண்டாம், வார்டுக் குறிப்பில் அது குறையே இல்லை.

மீதிப் பதினொன்று? 'டிட் நாட் வென்ட்' ஒன்று. 'ஷி இஸ் ஹேவிங் கிடினெஸ்' ஒன்று. 'இன்ஃபார்ம்ட் டு சிஸ்டர்', 'டிஸ்கஸ்டு அபவுட்' என்று வேண்டாத முன்னிடைச்சொற்கள். 'தி' வரவேண்டிய ஐந்து இடத்தில் அது இல்லை, வரக்கூடாத இடம் ஒன்றில் இருக்கிறது. பன்மைக்குரிய 'எஸ்' விடுபட்டது ஒன்று. இவற்றில் எதையும் படித்துவிட்டு உங்களை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். மரீனா பர்ட், கரோல் கிபார்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1970களின் தொடக்கத்தில் இந்தப் பாகுபாட்டைச் செய்தார்கள்: வாக்கியம் முழுவதையும் புரட்டிவிடும் பிழை குளோபல், தான் இருக்கும் இடத்தோடு நின்றுவிடும் பிழை லோக்கல். உங்கள் பதினொன்றும் இரண்டாவது வகை. அதிலும் 'தி', 'எ' விஷயத்தில் தமிழ் வழியில் படித்தவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆங்கில வழியில் படித்தவர்களும் அதை அதே அளவுக்கு விடுகிறார்கள், ஆனால் கவலைப்படுவதில்லை.

அந்த வரிசையிலும் ஒரு விலக்கு உண்டு. 'ஷி டுக் எ லிட்டில் ஃபுட்' என்றால் கொஞ்சம் சாப்பிட்டார். 'ஷி டுக் லிட்டில் ஃபுட்' என்றால் சாப்பிட்டதாகச் சொல்லவே முடியாத அளவு. ஓர் ஒற்றை 'எ' விடுபட்டால் நோயாளியின் சாப்பாடு காணாமல் போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் நுணுக்கத்தை நம்பாமல் அளவை எழுதிவிடுவதே நல்லது: இரண்டு இட்லி, அரை டம்ளர் பால். அதேபோல் எழுத்துப்பிழையை நான் பெரிதுபடுத்துவதில்லை என்றாலும் மருந்தின் பெயரிலும் அளவிலும் அதை விடமாட்டேன். இன்சுலின் அளவுக்கு 'யூனிட்ஸ்' என்பதை முழுச்சொல்லாக எழுதுங்கள். 'யூ' என்ற ஒற்றை எழுத்தைக் கையால் எழுதும்போது அது சுழியம்போலத் தெரிந்து 4 என்பது 40 ஆகிவிடும்.

எழுதும் முறைக்கு வருகிறேன். பிழை வருமோ என்று வாக்கியத்தின் நடுவிலேயே திரும்பிப் பார்ப்பதால்தான் ஐந்து வரியில் நின்றுவிடுகிறீர்கள். எழுதுவதையும் திருத்துவதையும் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டியூட்டி முடிந்த அன்று மாலை இருபது நிமிடம், நிறுத்தாமல், அடிக்காமல் எழுதுங்கள். ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச்சொல்லையே போட்டுவிட்டு நகருங்கள். நோயாளி பேசியதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த பக்கத்தில் 'கிறக்கம்' என்ற சொல்லே இல்லை, எல்லாம் 'ஹைப்போகிளைசீமியா'வில் அடங்கிவிட்டது. அதில் பாட்டியும் இல்லை, 8:20 மணியும் இல்லை. 'தி பேஷண்ட் செட், கிறக்கமா வருது' என்று எழுதி, அது தலைசுற்றல் என்று அடுத்த வரியில் ஆங்கிலத்தில் விளக்குங்கள். 'என்று சொன்னார்' என்பதை ஆங்கிலமாக்கும்போது வரும் 'தட் ஐ ஆம்', 'தட் ஷி வாஸ்' குழப்பமும் இதனால் தவிர்ந்துவிடும்.

மறுநாள் பத்து நிமிடம் ஒதுக்கி வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வினையிடமும் மூன்று கேள்வி: செய்தது யார், எப்போது, இது நடந்ததா அல்லது நான் நினைத்ததா? 'வாஸ் கிவன்' என்று இருந்தால் முதல் கேள்விக்கே பதில் வராது, அங்கே 'ஐ கேவ்' என்று மாற்றுங்கள். உங்கள் பக்கத்தை இந்த வழியில் நான் திருத்திப் பார்த்தபோது நடுப்பகுதி இப்படி வந்தது:

'ஐ கேவ் இன்சுலின் அட் 7:30. அட் 8 ஐ சா டிஃபன் பாக்ஸ் ஆன் ஹெர் லாக்கர். ஐ தாட் தி பேஷண்ட் ஹேட் ஈட்டன். ஷி ஹேட் நாட் ஈட்டன். தி பாக்ஸ் வாஸ் ஃப்ரம் லாஸ்ட் நைட். ஐ டிட் நாட் ஆஸ்க் ஹெர். ஐ ஷுட் ஹேவ் ஓப்பண்ட் தி பாக்ஸ்.'

'டிஃபன் பாக்ஸ்' என்பதற்கு முன்னால் ஓர் 'எ' வர வேண்டும். வேண்டுமென்றே போடாமல் விட்டிருக்கிறேன். அது இல்லாததால் இந்தப் பத்திக்கு என்ன குறைந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அத்தனையும் குட்டி வாக்கியங்கள், பள்ளியில் படித்த இலக்கணத்துக்கு மேல் எதுவும் இல்லை. 'ஐ டிட் நாட் ஆஸ்க் ஹெர்' என்ற ஐந்து சொல் வாக்கியம்தான் 'ஐ லேர்ண்ட் மெனி திங்ஸ்' இருந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து நீங்கள் எழுத வேண்டியது அதிலிருந்துதான் பிறக்கும்: ஏன் கேட்கவில்லை, அன்று எத்தனை கட்டில்களைப் பார்க்க வேண்டியிருந்தது, இனிமேல் இன்சுலின் போடும் முன்பே சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா? அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுவதற்கான கிப்ஸின் ஆறு படிகளை உங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1988இல் அவர் வகுத்த அந்தச் சுழற்சியில் முதல் படியான விவரிப்பிலேயே 'யார்' என்பது விடுபட்டால் மற்ற ஐந்தும் காற்றில்தான் நிற்கும்.

உங்கள் ஆசிரியர் எல்லாப் பிழைகளுக்கும் மதிப்பெண் குறைப்பார் என்றால்? குறைக்கலாம்தான். நானும் அதைச் செய்தவள். 22 ஆண்டுகளாகச் செவிலியர் மாணவிகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன்; தொடக்க காலத்தில் ஒரு மாணவி, தன் முதல் மரணத்தைப் பார்த்த இரவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சிவப்பு மையில் 31 இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன், அவள் எழுதியதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த வாரம் அவள் கொடுத்தது நான்கு வரி, பிழையில்லாத நான்கு வரி. ஆண்டு முடியும்வரை அந்த நான்கு வரியிலேயே நின்றுவிட்டாள். ஜோசப் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981இல் பிழைகளைப் பற்றிய தம் கட்டுரைக்குள்ளேயே ஏறத்தாழ நூறு பிழைகளை வேண்டுமென்றே வைத்துவிட்டு, கடைசியில்தான் அதைச் சொன்னார். மாணவர் தாளில் பிழை தேடிப் படிக்கும் கண், அச்சான கட்டுரையில் அதைத் தேடுவதில்லை என்பது அவர் வாதம். அதை நான் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்த 31 வட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ஆகையால் மதிப்பெண்ணுக்காக இன்னும் ஒரு பத்து நிமிடம் செலவழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாப் பிழைகளையும் ஒரே மூச்சில் தேடாதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு வகை: இந்த மாதம் 'டிட்' வந்தால் அடுத்த வினை மாறக்கூடாது என்பது மட்டும். உங்கள் பக்கத்தில் பார்த்தவுடன் கண்ணை உறுத்துவது அதுதான், திருத்துவதும் அதுவே எளிது. வாய்விட்டு மெதுவாகப் படித்தால் 'டிட் நாட் வென்ட்' காதிலேயே இடறும். 'தி', 'எ' இரண்டையும் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவை விதியைப் படித்து வருவதைவிட நிறைய வாசிப்பதால்தான் வரும். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி போன்ற தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் அங்கே இந்தச் சிறு பிழைகளுக்கும் கணக்கு உண்டு. அதற்கான தயாரிப்பு வேறு, அதை ஜர்னலோடு கலக்க வேண்டாம்.

அந்தப் பக்கத்தை ஆசிரியரிடம் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். இரண்டாவது வரியில் பாட்டியின் பெயரையும் ஊரையும் தெருவையும் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு 'எ 63-இயர்-ஓல்ட் உமன்' என்று போடுங்கள். கட்டில் எண்ணும் வேண்டாம்.